பெரியவங்களுக்குக் கடிதம்: 'ஈர்கள்' போட்டால் மென்மை வந்துவிடுமா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு எழுதணும். எப்பவும் 'நீங்க'ன்னுதான் பேசுவேன். கடிதத்தில் இன்னும் மரியாதையைக் கூட்டி எழுதினால் அவங்களுக்கு வருத்தம் குறையுமா?

குறையாது. பெரும்பாலும் கூடும். எதிரில் இருப்பவர் நமக்கு என்ன உறவு, எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைத்தான் வினைச்சொல்லின் விகுதி காட்டுகிறது. சொல்லும் விஷயம் கடுமையா மென்மையா என்பது அதன் வேலை இல்லை. 'எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?' என்பதில் மரியாதைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் கடன்காரர் வாசலில் நின்று கேட்பதுபோல்தான் இருக்கிறது.

இத்தனை வருஷம் பெரியம்மாவிடம் எந்த விகுதியில் பேசினீர்களோ அதே விகுதியில் எழுதுங்கள். ஒரு படி ஏற்ற வேண்டாம், இறக்கவும் வேண்டாம். மென்மையைக் கொண்டுவர வேண்டிய இடம் வினையின் அமைப்பு: ஏவலா, கேள்வியா, 'ஆல்' போட்ட நிபந்தனையா, செய்தவரைச் சொல்லும் வினையா, நடந்ததை மட்டும் சொல்லும் வினையா என்பது. விகுதியை மாற்றி மென்மை தேடுபவர்கள் கடைசியில் கல்யாணப் பத்திரிகை மாதிரியோ வக்கீல் நோட்டீஸ் மாதிரியோ ஒன்றை எழுதி வைக்கிறார்கள்.

சரி, என் வரைவு இது. இதில் எது குத்துது? எல்லாமே மரியாதையாத்தானே இருக்கு?

*'பெரியம்மா, போன வருஷம் கூரை மாற்ற என்னிடம் இரண்டாயிரம் வெள்ளி வாங்கினீர்கள். தீபாவளிக்குள் தருவதாகச் சொன்னீர்கள். இதுவரை தரவில்லை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும். தயவுசெய்து இந்த மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள்.'*

ஒரு பென்சிலை எடுத்து, பெரியம்மாவை எழுவாயாகக் கொண்ட வினைகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். வாங்கினீர்கள், சொன்னீர்கள், தரவில்லை, கொடுத்துவிடுங்கள். மகளின் கட்டணத்தைத் தவிர மற்ற எல்லா வாக்கியத்திலும் பெரியம்மாதான் கூண்டில் நிற்கிறார்.

அதிலும் முன்னிலையில் வரும் இறந்தகாலம்தான் அதிகம் சுடும். 'வாங்கினீர்கள்', 'சொன்னீர்கள்' என்று அடுக்கும்போது அது குற்றப் பட்டியலாகிவிடுகிறது. 'ஈர்கள்' மரியாதை விகுதிதான். ஆனால் அதுவே 'இதைச் செய்தது நீங்கள்தான்' என்று ஒவ்வொரு முறையும் விரலை நீட்டுகிறது. 'நன்றாகச் சமைத்தீர்கள்' போன்ற பாராட்டில் அந்த விரல் இனிக்கும். கடன் பேச்சில் இனிக்காது.

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

*'பெரியம்மா, கூரை வேலை முடிந்தபிறகு இந்த மழைக்கு வீடு ஒழுகாமல் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த வேலைக்கு அப்போது கொடுத்த இரண்டாயிரம் வெள்ளியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஜூலையில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கிறது. கையில் இருப்பது போதவில்லை. ஜூன் கடைசிக்குள் அந்தப் பணம் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். மொத்தமாக முடியாவிட்டால் பாதி கிடைத்தாலும் சமாளித்துக்கொள்வேன். உங்களுக்கு எப்படி வசதியோ, ஒரு வார்த்தை சொல்லுங்கள் பெரியம்மா.'*

முன்னிலை விகுதி ஒரே ஒரு இடத்தில்தான் இருக்கிறது: 'சொல்லுங்கள்'. அதுவும் கடைசியில் வருகிறது, பணத்தைக் கேட்காமல் ஒரு வார்த்தையைத்தான் கேட்கிறது. 'கொடு' என்ற வினைக்குக் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். 'கிடை' என்ற வினைக்கு வேண்டாம், பணமே எழுவாயாக நின்றுகொள்ளும். தீபாவளி வாக்கை நான் எடுத்தே விட்டேன். அது பெரியம்மாவுக்குத் தெரியாததா என்ன?

தொகையும் தேதியும் மட்டும் அப்படியே இருக்கின்றன, கவனித்தீர்களா? மென்மை என்று சொல்லி அவற்றையும் கரைத்துவிட்டால், 'ஏதோ கஷ்டத்தைச் சொல்லி எழுதியிருக்கான், பாவம்' என்று மடித்து வைத்துவிடுவார்கள். கேட்டது கேட்டதாகவே தெரியாது.

விகுதியே வராமல் ஒரு கடிதம் முழுக்க எழுத முடியுமா?

ஏறக்குறைய முடியும். தமிழில் பல வினைகள் ஆளைக் காட்டுவதே இல்லை. முடியும், வேண்டும், தெரியும், பிடிக்கும், வரலாம், போதும், வரவில்லை: நான் என்றாலும் நீ என்றாலும் நீங்கள் என்றாலும் இவை மாறாது. 'நீ வரவில்லை', 'நீங்கள் வரவில்லை' இரண்டிலும் வினை ஒன்றேதான். 'நீங்கள் சொன்ன மாதிரி', 'நீங்கள் வந்தபோது', 'நீங்கள் வந்தால்' போன்ற எச்சங்களிலும் விகுதி கிடையாது. எனவே 'பத்திரத்தை அனுப்புங்கள்' என்பதை 'பத்திரத்தை அனுப்ப முடியுமா?' என்றோ 'பத்திரத்தின் நகல் இருந்தால் போதும்' என்றோ மாற்றினால் விகுதிப் பிரச்சினையே எழாது.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. விகுதி இல்லாததாலேயே ஒரு வாக்கியம் மென்மையாகிவிடாது. மேலே பார்த்த 'இதுவரை தரவில்லை'யில் விகுதி இல்லை, குத்தல் இருக்கிறது. இரண்டாவது, வினையில் ஒளித்தாலும் 'உனக்கா, உங்களுக்கா' என்ற இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே உறவுப் பெயரையே போடுவது நம் வீடுகளில் உள்ள வழக்கம்தான்: 'பெரியம்மாவுக்கு எந்த நாள் வசதி?' நேரில் பேசும்போது இப்படித்தானே கேட்கிறோம்! கடிதத்திலும் அது அழகாகவே உட்காரும். ஆனால் வரிக்கு வரி 'பெரியம்மா' வந்தால் மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் ஆகிவிடும். பத்திக்கு ஒன்று போதும்.

அனுப்புங்கள், அனுப்புங்களேன், அனுப்பவும், அனுப்பிவிடுங்கள். இதில் எதைப் போடுவது?

'அனுப்பவும்' வேண்டவே வேண்டாம். அது அறிவிப்புப் பலகையின் மொழி. 'காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்' என்று கோயில் வாசலில் எழுதலாம், அத்தைக்கு எழுதக்கூடாது. அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது கைப்பழக்கத்தில் வந்துவிடும், அதனால்தான் முதலில் சொல்கிறேன். யாரையும் நேரடியாக விளிக்காத வினை என்பதால் பணிவாகத் தோன்றும். வாசிப்பவருக்கோ, முகத்தைப் பார்க்காமல் உத்தரவு போட்டதுபோல் இருக்கும்.

'அனுப்பிவிடுங்கள்' என்பதில் இருக்கும் 'விடு' காரியத்தை முடித்துக் கட்டச் சொல்கிறது. அவசரம் உண்மையாக இருந்தால் போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் மாமாவுக்கு 'மருந்துச் சீட்டை மறக்காமல் எடுத்து வைத்துவிடுங்கள்' என்பது அக்கறை. பணத்தில், சொத்தில், பத்திரத்தில் அதே 'விடு' நெருக்குதலாக மாறும். என் கைக்கு வரும் வரைவுகளில் அதிகம் அடித்துத் தள்ளுவது இந்த இரண்டெழுத்தைத்தான்.

'அனுப்புங்களேன்' செல்லமானது. அந்த 'ஏன்' கெஞ்சல் கலந்த அழைப்பு. 'பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் வாங்களேன்' என்று அழைக்க இதைவிட நல்ல சொல் கிடையாது. கேட்பது கனமான விஷயமாக இருந்தால் இது விளையாட்டாகவோ, 'எத்தனை தடவை சொல்வது' என்ற சலிப்பாகவோ கேட்கும்.

வெறும் 'அனுப்புங்கள்' சின்னக் காரியங்களுக்குச் சரியாக இருக்கும். பெரிய காரியத்துக்கு 'அனுப்ப முடிந்தால் உதவியாக இருக்கும்' என்பதுதான் என் தேர்வு. 'அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்பதைச் சங்கத்துக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 'தயவுசெய்து'வும் அந்த வகைதான். வீட்டுக்குள் அந்தச் சொல் வந்தாலே யாரோ பொறுமை இழந்துவிட்டார் என்று அர்த்தம்.

எங்க பாட்டியை நான் 'நீ'ன்னுதான் சொல்வேன். கடிதத்தில் 'நீ வா'ன்னு எழுதினால் மரியாதைக் குறைவா?

இல்லை. அப்பாவை 'நீங்க' என்றும் அம்மாவை, பாட்டியை 'நீ' என்றும் சொல்லும் குடும்பங்கள் ஏராளம். அந்த 'நீ' ஒட்டுதலிலிருந்து வருகிறது. முருகனையே 'நீ' என்றுதானே கூப்பிடுகிறோம். வாழ்நாள் முழுக்க 'நீ' கேட்ட பாட்டிக்குத் திடீரென்று 'தாங்கள் நலமா' என்று ஒரு கடிதம் வந்தால், பேரனுக்கு நம்மேல் என்ன கோபம் என்றுதான் முதலில் யோசிப்பார். சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்று மாறுவதைப் பார்த்ததில்லையா? விகுதி ஏறினால் தூரமும் ஏறும்.

'நீ'யை வைத்துக்கொண்டே மென்மையாக்கலாம். 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடு' என்பது அதட்டல். 'மாத்திரை சாப்பிட்டாயா என்று இங்கே நினைத்துக்கொண்டே இருக்கிறேன்' என்பதில் அதே 'ஆய்' விகுதி இருக்கிறது, அதட்டல் போய்விட்டது. 'ஒரு தடவை டாக்டரிடம் காட்டேன் பாட்டி' என்பதும் நல்லது. 'காட்டு' என்பதோடு ஒரு 'ஏன்' சேர்ந்ததும் கட்டளை போய்ச் செல்லம் வந்துவிடுகிறது.

ஒரு விதிவிலக்கு. பாட்டிக்குக் கண் சரியில்லை, கடிதத்தை வேறு யாரோ சத்தமாகப் படித்துக் காட்டுவார்கள் என்றால், படிப்பவர் யார் என்று யோசியுங்கள். வீட்டு மருமகள் தன் மாமியாரைப் பார்த்து 'நீ வா, நீ சாப்பிடு' என்று படிக்க வாய் கூசும். அந்தக் கடிதத்தில் மட்டும் முன்பு சொன்ன விகுதியில்லா வினைகளை அதிகம் பயன்படுத்துங்கள். 'நீங்கள்' என்று மாற்ற வேண்டாம்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு வருகிறோம். ஆனால் இந்தத் தடவை அத்தை வீட்டில் தங்கவில்லை. அதை எப்படிச் சொல்வது?

இங்கே பிரச்சினை அத்தையின் விகுதியில் இல்லை, உங்கள் விகுதியில் இருக்கிறது. 'தங்க மாட்டோம்' என்று எழுதினால் அது உங்கள் தீர்மானம். 'மாட்டேன், மாட்டோம்' என்பவற்றில் இருக்கும் ஏனும் ஓமும் 'எனக்கு விருப்பமில்லை' என்பதையும் சேர்த்தே சொல்கின்றன. 'தங்க முடியாது' கொஞ்சம் மேல், ஆனாலும் கதவைச் சாத்துகிறது. 'தங்க முடியாமல் இருக்கிறது' என்று எழுதினால் காரணம் உங்களைவிட்டு விலகி நிலைமையின் மேல் போய் உட்காரும்.

*'அத்தை, இந்தத் தைப்பூசத்துக்கு மாமியார் வீட்டு ஆட்களும் சேர்ந்து ஒன்பது பேராக வருகிறோம். அதனால் உங்கள் வீட்டில் தங்க முடியாமல் இருக்கிறது. தண்ணீர்மலையில் காவடி இறக்கியதும் நேராக அங்கேதான் வருவோம். மதியச் சாப்பாடு உங்கள் கையால்தான்.'*

விருப்பமில்லாததை நிலைமையின் மேல் போட்டோம். விருப்பமுள்ளதை, 'வருவோம்' என்பதை, முழு விகுதியோடு நம் மேல் வைத்துக்கொண்டோம். இன்னொன்று: இந்த இடத்தில் 'நாம் வருகிறோம்' என்று எழுதிவிடாதீர்கள். 'நாம்' அத்தையையும் சேர்த்துக்கொள்ளும். 'நாங்கள்' என்றால் அவர் வெளியே நிற்பார். அவரை விட்டுவிட்டுப் போகும் விஷயத்தில் 'நாங்கள்' என்று எழுதி அழுத்துவதைவிட, எழுவாயே போடாமல் 'வருகிறோம்' என்று விட்டுவிடுவது நல்லது.

'வாங்க'ன்னு எழுதலாமா, 'வாருங்கள்'னுதான் எழுதணுமா?

இரண்டும் மரியாதைதான். தமிழ்ப்பள்ளியில் உறவுக் கடிதம் எழுதிப் பழகியவர்களுக்கு 'வாருங்கள்' கையில் தானாக வரும், அப்படியே எழுதட்டும். வாட்ஸ்அப்பில் எழுதுபவர்களுக்கு 'வாங்க' இயல்பு. கலப்பதுதான் உறுத்தும். 'நீங்கள் சொன்னீங்கன்னு அம்மா கூறினார்' என்ற வாக்கியத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். எழுத்துத் தமிழில் எழுதி, பாசமாக முடிக்கும் ஓரிரு வரியில் மட்டும் 'சீக்கிரம் வாங்க அத்தை' என்று இறங்கி வருவது தனி அழகு. அது தெரிந்தே செய்வது.

தாங்கள், நீர், பெரியப்பா அவர்கள்: இதெல்லாம்?

'நீர்' நம் பக்கத்தில் கடிதத்துக்கு ஒத்துவராது. நாடகத்தனமாகவோ கிண்டலாகவோ கேட்கும். 'தாங்கள்' அழைப்பிதழுக்கு உரியது. பெரியப்பா 'அவர்களுக்கு' என்று உறை மேல் எழுதுவது வழக்கம், எழுதுங்கள். உள்ளே 'அன்புள்ள பெரியப்பாவுக்கு' போதும்.

பெரியப்பாவுக்கு எழுதும்போது அப்பாவைப் பற்றி 'சொன்னார்' என்பதா, 'சொன்னான்' என்பதா? அவருக்கு அப்பா தம்பிதானே?

'சொன்னார்'தான். வாசிப்பவருக்கு அவர் தம்பி, ஆனால் எழுதுவது நீங்கள். தமிழில் மூன்றாம் ஆளுக்குப் போடும் விகுதி எழுதுபவரின் உறவைப் பார்க்கும். பெரியப்பா பதிலில் 'உங்கப்பன் வந்தானா?' என்று எழுதுவார். நீங்கள் 'அப்பா வந்தார்' என்று எழுதுவீர்கள். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை.

பெண்கள் விஷயத்தில்தான் கொஞ்சம் தடுமாற்றம். 'அம்மா சொன்னாள்' கதைகளில் சகஜம், பெரியவருக்கு எழுதும் கடிதத்தில் வேண்டாம். 'அம்மா சொன்னார்' சரி, ஆனால் சில காதுகளுக்குச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். 'அம்மா சொன்னார்கள்' பழைய கடிதங்களின் வழக்கம், பேச்சில் வரும் 'சொன்னாங்க'வுக்கு நெருக்கமானது. எனக்கு இதுதான் பிடிக்கும். ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கணப்படி பிழையாச்சே என்று யாராவது மூக்கை நுழைத்தால், தொல்காப்பியமே இதை உயர்த்திச் சொல்லும் வழக்கு என்று குறித்துவைத்திருக்கிறது என்று சொல்லுங்கள்.

இந்தப் பன்மையால் ஒரு குழப்பம் வரும். 'நீங்கள் வரவேண்டும்' என்றால் பெரியப்பா மட்டுமா, பெரியம்மாவுமா? விசேஷத்துக்கு அழைக்கும் கடிதத்தில் 'நீங்கள் இருவரும்', 'எல்லோரும்' என்று எழுதாமல் விட்டு மனஸ்தாபம் வந்த குடும்பங்களை நான் அறிவேன்.

'நீ'ன்னு எழுதினதை எல்லாம் 'நீங்கள்'னு மாத்தினேன். ஆனாலும் எங்கேயோ உதைக்குது. எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த உறவுக்கு 'நீங்கள்'தான் பழக்கம் என்றால், மீதி நிற்கும் ஒருமைகளைத் தேடுங்கள். பிரதிப்பெயரை மாற்றுவோம், வினையை மறந்துவிடுவோம்: 'நீங்கள் அன்றைக்குச் சொன்னாயே'. அடுத்தது வேற்றுமை உருபு ஏற்றவை: உன், உன்னை, உனக்கு, உன்னிடம். இவை வாக்கியத்தின் நடுவில் ஒளிந்திருக்கும். மூன்றாவது, பிரதிப்பெயரே இல்லாமல் வரும் ஏவல்கள்: 'உடம்பைப் பார்த்துக்கொள்'. கடைசி வரியில்தான் இது அதிகம் தங்கிவிடுகிறது, ஏனென்றால் அதைப் பழக்கத்தில் எழுதியிருப்போம், திருத்தும்போது கண் அங்கே போகாது.

கீழிருந்து மேலாக, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் படித்துக்கொண்டு போங்கள். தமிழில் வினை கடைசியில் நிற்பதால் விகுதிகள் வரிசையாகக் கண்ணில் படும். ஒன்று மாறியிருந்தாலும் தெரிந்துவிடும். அதே பார்வையில் 'ஈர்கள்' எத்தனை, அவற்றில் இறந்தகாலம் எத்தனை என்றும் பார்த்துவிடலாம்.